மொட்டை மாடி ஒழுகலும் நான்கு பக்க மினிட்ஸும்

எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக்குகள், 48 வீடுகள். நான்காவது மாடிதான் கடைசி. அதற்கு மேல் தட்டோடு பதித்த மொட்டை மாடி. ஒரு நவம்பர் மாதச் செயற்குழுக் கூட்டத்துக்கு, சி பிளாக்கின் மேல்மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மா வந்திருந்தார். முந்தின வாரம் பெய்த மழையில் அவர் வீட்டுக் கூடத்தில் நான்கு இடங்களில் ஒழுகியிருக்கிறது. கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஜூலை மீட்டிங்லயே சரி பண்றதா சொன்னீங்க சார். யார் பண்றேன்னு சொன்னாங்க? அதை மட்டும் சொல்லுங்க, நான் அவங்ககிட்டயே பேசிக்கறேன்."

மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து ஜூலை மாதத்தைப் புரட்டினோம். நான்கு பக்கங்கள். எழுதியது நான்தான். மொட்டை மாடி விஷயம் மட்டும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. தலைவர் பிரச்சினையைச் சொன்னது, பொருளாளர் நிதி நிலையைச் சொன்னது, ஒருவர் ரசாயனப் பூச்சு போதும் என்றது, இன்னொருவர் தட்டோட்டைப் பெயர்த்துத்தான் செய்ய வேண்டும் என்றது, மூன்றாமவர் தன் மைத்துனர் வீட்டில் செய்த வேலையை உதாரணம் காட்டியது எல்லாமே வரிசை பிசகாமல் இருந்தன. கடைசி வரி இப்படி முடிந்தது: "இது குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டு, மழைக்காலத்துக்குள் ஆவன செய்வது என முடிவு செய்யப்பட்டது."

அந்த அம்மா கேட்டதற்கு நான்கு பக்கங்களிலும் பதில் இல்லை.

அன்றைக்கு வந்திருந்த ஏழு பேரையும் விசாரித்தபோது நடந்தது புரிந்தது. செயலாளர், கொட்டேஷன் கொண்டுவந்த உறுப்பினரே ஆளைக் கூப்பிடுவார் என்று இருந்திருக்கிறார். அந்த உறுப்பினர், சங்கத்திலிருந்து எழுத்தில் ஒப்புதல் வந்தால்தான் கூப்பிட முடியும் என்று காத்திருந்திருக்கிறார். பொருளாளர், பில் வந்தால் பணம் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார். யாரும் அலட்சியமாக இல்லை. ஒவ்வொருவரும் மற்றவரின் கையில் வேலை இருப்பதாக நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கலைத்திருக்க வேண்டியது என் குறிப்பு. அது பேச்சைக் காப்பாற்றி வைத்திருந்தது, முடிவைக் காப்பாற்றவில்லை.

பேசியதையெல்லாம் எழுதுவதுதான் நேர்மை என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். சட்டமன்றச் செய்திகளைப் படித்தே நாம் வளர்ந்திருக்கிறோம். "அவைக்குறிப்பில் இடம்பெறும்", "அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்ற சொற்கள் நம் காதில் ஊறியவை. அங்கே ஒவ்வொரு சொல்லும் பதிவாவதற்குக் காரணம் உண்டு. யார் என்ன பேசினார் என்பதே மக்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதும் அப்படித்தான், சொல்லிய சொல்லே அங்கே ஆதாரம். குடியிருப்போர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகம், அலுவலகத்தின் திங்கட்கிழமைக் கூட்டம் இவையெல்லாம் வேறு இனம். இங்கே கூடுவது ஒரு வேலை நடக்க வேண்டும் என்பதற்காக. பேச்சு அதற்குப் படிக்கட்டு, அவ்வளவே.

மினிட்ஸ் என்ற சொல்லுக்கே நேரத்தோடு சம்பந்தம் இல்லை. லத்தீனில் சிறியது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. சிறிய எழுத்தில், சுருக்கமாக எழுதிவைத்த குறிப்பு என்பதே பழைய பொருள். கூட்டங்களை நடத்தும் முறைக்குப் பரவலாகக் கையாளப்படும் நூலை 1876-இல் வெளியிட்டவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர். 1863-இல் நியூ பெட்ஃபோர்டு ஊரில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி, அது கட்டுக்கடங்காமல் போனதால் இந்த ஆராய்ச்சியில் இறங்கியவர். மினிட்ஸ் பற்றி அவர் மரபு வலியுறுத்துவது ஒன்றுதான்: கூட்டத்தில் என்ன செய்தார்கள் என்பதை எழுது, என்ன சொன்னார்கள் என்பதை அல்ல.

நம் நாட்டுக் கம்பெனிச் சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, நடவடிக்கைகளின் நியாயமான, சரியான சுருக்கத்தைத்தான் கேட்கிறது. ஒருவரை அவதூறு செய்வதாகவோ விஷயத்துக்குத் தொடர்பில்லாததாகவோ நிறுவனத்தின் நலனுக்குக் கேடாகவோ இருப்பதாகத் தலைவர் கருதுவதை மினிட்ஸில் சேர்க்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. குடியிருப்போர் சங்கத்தை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. ஆனாலும், "நான் கத்தினதையும் எழுதுங்க" என்று ஒருவர் கோபத்தில் வற்புறுத்தும்போது, பெரிய நிறுவனங்களே அதை எழுதுவதில்லை என்று காட்ட எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது.

நான் பார்த்தவற்றில் நல்ல மினிட்ஸ் எழுதுபவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்காரர்கள். அவர்களுடைய தீர்மானப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் நான்கைந்து வரிதான் இருக்கும். எந்த உறுப்பினருக்கு, எவ்வளவு கடன், எத்தனை தவணை, வங்கியில் கையெழுத்திடும் இருவர் யார் என்பது அதில் இருக்கும். அதன் கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருக்கும். வங்கி அந்தப் பக்கத்தைக் கேட்கும் என்பதால் மழுப்பலாக எழுத அங்கே வழியில்லை. வெளியே ஒருவர் இதைப் படித்துக் காரியம் செய்யப்போகிறார் என்று தெரிந்தால் எழுத்து தானாகவே தெளிந்துவிடுகிறது.

எங்கள் ஜூலை மாதக் கடைசி வரிக்கு வருகிறேன். அதில் தமிழ் இலக்கணமே எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்திருந்தது. "விவாதிக்கப்பட்டு", "முடிவு செய்யப்பட்டது" என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்பவரைச் சொல்ல வேண்டியதில்லை. வாக்கியம் குறையில்லாமல் நிற்கும், கம்பீரமாகவும் இருக்கும். "பரிசீலிக்கப்படும்", "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" என்று அரசுக் கடிதங்களில் பழகிய நடை அது. செய்வினையில் எழுத முயன்று பாருங்கள். "செயலாளர் ஒர்க் ஆர்டர் கொடுப்பார்" என்று எழுதத் தொடங்கினால் எழுவாயைத் தேடியாக வேண்டும். எழுவாய் கிடைக்கவில்லை என்றால், கூட்டம் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம். அதை அந்த நிமிடமே, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொரு கண்ணி, பேச்சில் வரும் "லாம்". "ரெண்டாவது ஆளையே போட்டுடலாம் சார்" என்று ஒருவர் சொல்கிறார். அது அவருடைய யோசனையா, எல்லோரும் ஒப்புக்கொண்டதா, தலைவர் கொடுத்த அனுமதியா? தமிழில் மூன்றுக்கும் ஒரே விகுதிதான். தலையை ஆட்டுகிறார்கள், அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். "பாத்துக்கலாம்", "பண்ணிடலாம்", "கேட்டுப் பாக்கலாம்" என்ற சொற்கள் காதில் விழுந்தால் இப்போதெல்லாம் என் பேனா நின்றுவிடும். நான் கை தூக்கி, "இதை முடிவுன்னு எழுதிக்கட்டுமா? யார் பேர் போடறது?" என்று கேட்பேன். முதல் இரண்டு கூட்டங்களில் சிலருக்கு இது இடைஞ்சலாக இருந்தது. மூன்றாவது கூட்டத்தில் அவர்களே, "அவர் கேக்கறதுக்கு முன்னாடி பேரைச் சொல்லிடுங்க" என்று பேசத் தொடங்கினார்கள்.

பெயர் என்றால் ஒருவர் பெயர். "செயற்குழு செய்யும்", "சி பிளாக் உறுப்பினர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதினால் அது யாருடைய வேலையும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலையாக இருந்தாலும் பொறுப்பு ஒருவர்மேல் இருக்க வேண்டும், மற்றவர் உதவி என்று எழுதிக்கொள்ளலாம். அந்த ஒருவர் கூட்டத்தில் இருக்க வேண்டும், தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அப்படி எழுதிய வரி பெரும்பாலும் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும். வராதவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்றால், வந்திருக்கும் ஒருவர் பெயரில் "இன்னாரிடம் ஜூலை 16-க்குள் கேட்டுச் சொல்வது" என்று எழுதுகிறேன். அப்போது வேலை ஒரு கையை விட்டுக் கீழே விழாமல் அடுத்த கைக்குப் போகும்.

தேதியும் அப்படித்தான். "சீக்கிரம்", "மாசக் கடைசிக்குள்", "மழைக்கு முன்னாடி" எல்லாம் தேதிகள் அல்ல. "அடுத்த ஞாயிறு" என்பதும் ஆபத்தானது. வெள்ளிக்கிழமை அதைச் சொன்னால் இரண்டு நாளில் வரும் ஞாயிறு என்று ஒருவர் கொள்வார், அதற்கும் அடுத்தது என்று இன்னொருவர் கொள்வார். நாளும் மாதமும் எழுதி, பக்கத்தில் கிழமையையும் எழுதினால் தப்புக் கணக்கு உடனே கண்ணில் படும். தேதியை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் இன்னும் முக்கியம். வாயில் வந்த எண்ணைச் சொல்லக்கூடாது, வேலையின் கடைசி எல்லையிலிருந்து பின்னோக்கி எண்ணிவர வேண்டும்.

இதை மறு ஆண்டு ஜூலையில் செய்து பார்த்தோம். அதே மொட்டை மாடி. முந்தின மழைக்காலத்துக்குப் பிறகு தற்காலிகமாகப் பூசி வைத்திருந்தோம், முழு வேலை பாக்கி. ஜூலை 14, ஞாயிறு காலை கூட்டம். இந்தப் பொருளுக்கு மட்டும் நாற்பது நிமிடம் பேச்சு ஓடியது. மூன்று கொட்டேஷன்கள் மேஜைமேல் இருந்தன: ரூ.1,72,000, ரூ.1,95,000, ரூ.2,40,000. மிகக் குறைந்தவர் உத்தரவாதத்தை வாய்ச் சொல்லாகத்தான் தருகிறார். மிக அதிகம் கேட்டவர் முழுத் தட்டோட்டையும் பெயர்க்கச் சொல்கிறார். நடுவில் இருப்பவர் ஏழு ஆண்டு உத்தரவாதத்தை எழுத்தில் தருகிறார், மொத்தத்தில் பத்து சதவீதத்தை மழை முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளவும் சம்மதிக்கிறார். ஓர் உறுப்பினர், பெயர்க்காமல் செய்தால் நிற்காது என்பதில் உறுதியாக இருந்தார். பழுதுபார்ப்பு நிதியில் ரூ.3,10,000 இருப்பதாகப் பொருளாளர் சொன்னார்.

நான் பெரிய நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்துக் கோடு போட்டிருந்தேன். இடப்பக்கம் கிறுக்கல். பேசுவதில் எண்கள், காரணங்கள், எதிர்ப்புகள் மட்டும் வேகமாக விழும். வலப்பக்கம் காலியாக இருக்கும், முடிவு கிடைக்கும்போது மட்டும் அதில் எழுதுவேன். வலப்பக்கம் வெறுமையாக இருப்பதை எல்லோராலும் பார்க்க முடியும். நாற்பது நிமிடம் கழித்தும் அங்கே ஒன்றும் இல்லை என்றால், பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது என்று தலைவருக்கே தெரிந்துவிடும்.

தேதிக் கணக்கு இப்படிப் போனது. வடகிழக்குப் பருவமழை சென்னையில் பொதுவாக அக்டோபர் இரண்டாம் பாதியில் தொடங்குகிறது. அதற்கு முன்பே பூச்சு முடிந்து, மொட்டை மாடியின் வடிகால்களை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். கசிந்தால் திருத்தி மறுபடி தேக்கிப் பார்க்க அவகாசம் வேண்டும். ஆகவே முதல் சோதனை செப்டம்பர் முதல் வாரம். பூச்சு உலர்ந்த தளத்தில்தான் பிடிக்கும், ஆகஸ்ட்டில் சாயங்கால மழை உண்டு, அதற்குச் சில நாட்கள் கூடுதலாக விட வேண்டும். ஆகவே வேலை ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கியாக வேண்டும். அதற்கு முன்பணம், அதற்கு முன் ஒர்க் ஆர்டர். "மழைக்காலத்துக்குள்" என்று போன வருடம் எழுதிய ஒரே சொல்லுக்குள் ஐந்து தேதிகள் ஒளிந்திருந்தன.

நாற்பது நிமிடப் பேச்சு மினிட்ஸில் இப்படி இறங்கியது:

பொருள் 3: சி பிளாக் மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங்.

முடிவு: ரூ.1,95,000 கொட்டேஷனைக் குழு ஏற்கிறது. காரணம்: 7 ஆண்டு எழுத்துப்பூர்வ உத்தரவாதம், 10 சதவீதத்தைப் பின்னர் பெறச் சம்மதம். செலவு பழுதுபார்ப்பு நிதியிலிருந்து, செலவுக்குப் பின் இருப்பு ரூ.1,15,000.

பணம்: முன்பணம் ரூ.58,500. தண்ணீர் தேக்கும் சோதனை தேறியபின் ரூ.1,17,000. டிசம்பர் கூட்டத்தில் ஒழுகல் இல்லை என உறுதியானபின் ரூ.19,500.

ஒர்க் ஆர்டர் கொடுப்பது: செயலாளர், ஜூலை 21, ஞாயிறு.

முன்பணம் கொடுப்பது: பொருளாளர், ஜூலை 24, புதன். ஒர்க் ஆர்டரில் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட பிறகே.

டிஷ் ஆன்டெனா, பூந்தொட்டிகளை அகற்றச் சொல்லி வீடுகளுக்குத் தெரிவித்து, மாடியைக் காலி செய்வது: பி பிளாக் உறுப்பினர், ஆகஸ்ட் 3, சனி.

வேலையைத் தொடங்கச் செய்து (ஆகஸ்ட் 5, திங்கள்), 48 மணி நேரத் தண்ணீர் சோதனையை முடித்து, படத்துடன் குழுவுக்குத் தெரிவிப்பது: ஏ பிளாக் உறுப்பினர், செப்டம்பர் 7, சனி.

மாறுபட்ட கருத்து: தட்டோட்டைப் பெயர்க்காமல் செய்வதற்கு ஓர் உறுப்பினர் உடன்படவில்லை. அவர் கோரியபடி இது பதிவு செய்யப்படுகிறது.

இவ்வளவுதான். உண்மையான புத்தகத்தில் பதவிகளுக்குப் பக்கத்தில் பெயர்களும் உண்டு. முடிவு எடுத்ததற்கான காரணத்தை ஒரு வரி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மலிவான கொட்டேஷனை ஏன் விட்டீர்கள் என்று தணிக்கையாளரோ அடுத்த ஆண்டு நிர்வாகிகளோ கேட்பார்கள். விவாதத்திலிருந்து மினிட்ஸுக்கு வரத் தகுதி உள்ளது இந்தக் காரணம் ஒன்றுதான் என்பது என் அனுபவம். மைத்துனர் வீட்டு உதாரணம் வர வேண்டியதில்லை.

மாறுபட்ட கருத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுருக்குகிறேன் என்று அதையும் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு. ஒருவர் எதிர்த்தார், அதைப் பதிவு செய்யக் கேட்டார் என்றால் கட்டாயம் எழுத வேண்டும். நாளைக்கு அந்த முடிவால் நட்டம் வந்தால், அவர் அதில் பங்கேற்கவில்லை என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அதுபோல, ஒப்பந்ததாரர் ஓர் உறுப்பினரின் உறவினராக இருந்து, அந்த உறுப்பினர் வாக்களிக்காமல் விலகியிருந்தால் அதையும் எழுத வேண்டும். ஆனால் எதிர்த்தவர் பேசிய பத்து நிமிடமும் வேண்டாம். எதை எதிர்த்தார் என்பது போதும். நான் எழுதியதை அந்த உறுப்பினரிடமே படித்துக் காட்டி, "இது சரியா இருக்கா சார்?" என்று கேட்டேன். "பெயர்க்காமல்" என்ற சொல்லை அவர்தான் சேர்க்கச் சொன்னார்.

படித்துக் காட்டுவது எல்லாப் பொருளுக்கும் உண்டு. ஒரு பொருள் முடிந்து அடுத்ததற்குப் போகுமுன் வலப்பக்கத்தில் எழுதியதைச் சத்தமாக வாசிக்கிறேன். அரை நிமிடம் ஆகும். அன்று வாசித்தபோது பொருளாளர் நிறுத்தினார். "ஜூலை 24-க்குப் பணம்னா, ஒர்க் ஆர்டர்ல அவர் கையெழுத்து போட்டிருக்கணுமே. அதை எழுதலையே?" அந்த நிபந்தனை அப்படித்தான் மினிட்ஸில் ஏறியது. வீட்டுக்குப் போய் எழுதியிருந்தால் அது விடுபட்டிருக்கும், கையெழுத்து இல்லாமலே பணம் போயிருக்கும்.

கூட்டத்தை செல்போனில் ஒலிப்பதிவு செய்தால் போதாதா என்று கேட்கிறார்கள். சந்தேகம் தீர்க்க உதவும், நானும் எப்போதாவது எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு பதிவு செய்வதுண்டு. ஆனால் ஒன்றரை மணி நேரப் பேச்சைக் கேட்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். கேட்டு முடித்தாலும், தலையை ஆட்டியவர் யார், மௌனமாக இருந்தவர் சம்மதித்தாரா என்பது ஒலியில் தெரியாது. மினிட்ஸ் எழுதி உறுதியானதும் பதிவை அழித்துவிடுகிறோம், அதையும் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

கூட்டம் முடிந்த மறுநாளே வரைவை எல்லோருக்கும் அனுப்புகிறேன். நினைவு சூடாக இருக்கும்போதுதான் பிழை தெரியும். கம்பெனி இயக்குநர் கூட்டங்களுக்கு இந்தியக் கம்பெனிச் செயலாளர்கள் நிறுவனம் வகுத்த தரநிலையில், 15 நாட்களுக்குள் வரைவு, கருத்துச் சொல்ல 7 நாட்கள், 30 நாட்களுக்குள் புத்தகத்தில் பதிவு என்று இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடும் சிறிய குழுவுக்கு 15 நாள் நீளம். பாதி வேலைகளின் கெடுவே அதற்குள் தாண்டிவிடும். அந்த ஏழு நாள் விதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். திருத்தம் சொல்கிறவர், நடந்ததை நான் தவறாக எழுதியிருந்தால் சொல்லலாம். முடிவையே மாற்ற விரும்பினால் அது திருத்தம் ஆகாது, அடுத்த கூட்டத்தில் புதுத் தீர்மானமாகத்தான் வர வேண்டும்.

இதற்கு ஓர் அழகான முன்னுதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சபையின் இரண்டு தீர்மானங்கள் கல்லில் உள்ளன. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. மற்றது 14-ஆம் ஆண்டு, கி.பி. 921. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி, யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பவை அவற்றில் வருகின்றன. முதல் தீர்மானம் 30 வயதுக்கு மேல் 60-க்குள் என்று வைத்தது, இரண்டாவது அதை 35-க்கு மேல் 70-க்குள் என்று மாற்றியது. பழையதை யாரும் உளியால் செதுக்கி நீக்கவில்லை. புதியது தன் ஆண்டோடு தனியாக வெட்டப்பட்டது. அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருந்தது, சபையின் பணியால் எழுதியவர் யார் என்பதெல்லாம் இருக்கின்றன. சபையில் யார் யாரோடு வாதிட்டார்கள் என்பது மட்டும் இல்லை. மினிட்ஸ் புத்தகத்தில் பழைய பக்கத்தை அடித்துத் திருத்த யாராவது கேட்டால், நான் உத்திரமேரூரைத்தான் சொல்கிறேன்.

அடுத்த கூட்டம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் இந்த எழுத்துக்கு உயிர் இருக்கிறது. முன்பு, முந்தின மினிட்ஸை வேகமாக வாசித்து, "ஆமோதிக்கிறேன்" என்று ஒருவர் சொல்ல, கையெழுத்தாகிவிடும். இப்போது முதல் பத்து நிமிடம் பொறுப்புப் பட்டியல் மட்டும். ஒவ்வொரு வரிக்கும் அந்த வரிக்கு உரியவர் ஒரே பதில் சொல்வார்: முடிந்தது, அல்லது முடியவில்லை, புதுத் தேதி இது. புதுத் தேதியை எழுதும்போது பழைய தேதியை அழிப்பதில்லை, பக்கத்திலேயே எழுதுகிறேன். ஆகஸ்ட் 11 கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினரின் வரியில் ஆகஸ்ட் 3-க்குப் பக்கத்தில் ஆகஸ்ட் 8 ஏறியது. இரண்டு வீடுகள் டிஷ்ஷைக் கழற்றத் தாமதித்ததால் வேலை 5-ஆம் தேதிக்குப் பதில் 9-ஆம் தேதி தொடங்கியிருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு நாள் போனது என்று எல்லோருக்கும் தெரிந்தது, சோதனைத் தேதியை செப்டம்பர் 11, புதன் என்று அங்கேயே மாற்றிக்கொண்டோம். ஒரு வரியில் மூன்றாவது தேதி ஏறினால் அது தனிப் பொருளாக அஜெண்டாவுக்கு வந்துவிடும். வேலை பெரிதா, ஆள் மாற வேண்டுமா, பணம் இல்லையா என்று அப்போது கேட்கிறோம்.

இந்த முறை பொருந்தாத இடங்களும் உண்டு. ஊழியர் ஒருவர்மேல் விசாரணை நடத்தும்போது அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுத வேண்டும், சுருக்கினால் அநியாயம் ஆகிவிடும். ஆண்டுப் பொதுக்குழுவில் சட்ட விதித் திருத்தம் வந்தால், தீர்மானத்தின் வாசகம் எழுத்துக்கு எழுத்து வேண்டும், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்குக் கணக்கு எல்லாம் வேண்டும். யோசனை சொல்வதற்கென்றே கூடும் கூட்டத்தில் முடிவே இருக்காது. அங்கே வந்த யோசனைகளின் பட்டியலை எழுதி, "இந்தக் கூட்டத்தில் முடிவு எதுவும் எடுக்கவில்லை" என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். முடிவு இல்லாததையும் எழுதினால்தான், பிறகு ஒருவர் வந்து "அன்னிக்கே முடிவாயிடுச்சே" என்று சொல்ல முடியாது.

எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லி, அது யாரிடம் இருக்கிறது, எப்போது முடியும், எவ்வளவு பணம் என்று கேட்பேன். என்னைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே அவர் சொல்லிவிட்டால் போதும். சி பிளாக் மேல்மாடி அம்மாவிடம்தான் அந்த ஜூலை மினிட்ஸைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது பொருளை இரண்டு முறை வாசித்தார். "செப்டம்பர் 7 தண்ணி நிறுத்தறாங்க. ஏ பிளாக் சார் பொறுப்பு. அன்னிக்கு நான் வீட்ல இருக்கணும், கூரையைப் பாக்கணும், அப்படித்தானே?" என்றார். அவர் வீட்டுக்குள்ளிருந்து கூரையைப் பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அடுத்த மினிட்ஸில் அவர் பெயரும் ஒரு வரியில் ஏறியது.

தேதி மாறி, சோதனை செப்டம்பர் 11-இல் முடிந்தது. நான்கு இடங்களில் மூன்று காய்ந்து கிடந்தன. வடகிழக்கு மூலையில், சுவரும் தளமும் சேரும் இடத்தில் ஈரம் தெரிவதாக அந்த அம்மா சொன்னார். ஒப்பந்ததாரர் வந்து அந்த மூலையை மட்டும் மறுபடி செய்து கொடுத்தார், இரண்டாவது சோதனையில் ஈரம் இல்லை, ரூ.1,17,000 அதற்குப் பிறகுதான் போனது. அக்டோபரிலும் நவம்பரிலும் மழை பெய்தது. டிசம்பர் கூட்டத்தில் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து மூன்றாவது வரியில் நின்றேன். அந்த அம்மா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தோம்.

"ஒழுகல சார். எழுதிக்கோங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன்: சி பிளாக் மொட்டை மாடி, ஒழுகல் இல்லை. மீதி ரூ.19,500 கொடுப்பது: பொருளாளர், டிசம்பர் 15, ஞாயிறு.